வந்தேன், வந்தான், வந்தோம்

தொலைபேசியில் என் குரலைக் கேட்கும் பிரெஞ்சுக்காரர்கள் நான் எந்த ஊர்ப் பெண் என்று கேட்பார்கள். பாரிசா, அதற்குப் பக்கமா என்பார்கள். சிங்கப்பூரின் ஈசூன் என்று சொல்லாமல் சிரித்து மழுப்புவேன். பல வருடங்களாக எனக்கு இருந்த பெரிய பெருமை அதுதான்.

உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தேன். பிறகு பிரான்சுக்கே போய் இரண்டு வருடம் படித்தேன். திரும்பி வந்து தஞ்சோங் பகாரில் ஒரு தனியார் மொழிப்பள்ளியில் ஆசிரியை ஆனேன். மாலை வகுப்பு, எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். வகுப்பில் பிரெஞ்சு, அவசரத்துக்கு ஆங்கிலம். தமிழ் எனக்கு வீட்டில் அம்மாவோடு மட்டும்தான். அதுவும் பாதி ஆங்கிலம்.

அந்த வருட வகுப்புக்கு அவர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், உட்லண்ட்ஸ்காரர், விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மூத்த தொழில்நுட்பர். தமிழ் முஸ்லிம். லிட்டில் இந்தியாவில் அண்ணனுக்குப் பெட்டிக் கடை இருக்கிறது என்று அறிமுகத்தில் சொன்னார். நிறுவனம் அவரையும் சிலரையும் ஆறு மாதப் பயிற்சிக்கு பிரான்சின் துலூஸ் நகருக்கு அனுப்பப் போகிறது, அதற்கு முன் அடிப்படைப் பிரெஞ்சு தேற வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார். வேலை முடிந்து சீருடையோடு நேராக வருவார். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

மூன்றாவது வாரம் மூக்கொலி உயிர்களுக்கு வந்தோம். பலகையில் மூன்று சொற்கள் எழுதினேன். bain என்றால் குளியல். banc என்றால் பெஞ்சு. bon என்றால் நல்ல. எழுத்தில் n, c தெரிந்தாலும் வாயில் எந்த மெய்யும் வரக் கூடாது. நாக்கு மேலே தொடக் கூடாது, உதடு மூடக் கூடாது. உயிர் ஒலிக்கும்போதே காற்று வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் சேர்ந்து போக வேண்டும். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், ஒலி அடைபட்டு மாறினால் அது மூக்கொலி என்று செய்து காட்டினேன். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் முறை வந்தது. முதல் சொல்லை 'பேங்' என்றார். இரண்டாவதை 'பான்' என்றார். மூன்றாவது 'போன்'. மூன்றிலும் கடைசியில் நாக்கு போய் ஒட்டியது. மறுபடி என்றேன். மறுபடியும் பேங். எட்டு முறை சொல்ல வைத்தேன். எட்டு என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் விரல் விட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு இளைஞன் சிரித்தான். நானும் லேசாகச் சிரித்தேன்.

அப்புறம் வகுப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் கொடுத்தேன். இந்தியர்களுக்கு இது வழக்கமாக வரும் சிக்கல், அவர்கள் காது இந்த ஒலிகளைப் பிரித்துக் கேட்காது, அதனால் ஒரு மெய்யைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள் என்றேன். 'அவர்கள்' என்றுதான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அன்று வகுப்பு முடிந்து மின்தூக்கிக்காக நின்றோம். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"மிஸ், நீங்க தமிழ்தானே? இந்த மூணு சத்தத்தையும் தமிழ்ல ஒரு தடவை எடுத்துச் சொன்னீங்கன்னா எனக்குப் பிடிச்சுக்கும்."

அருகில் அந்தச் சிரித்த இளைஞனும் இன்னும் இருவரும் நின்றிருந்தார்கள். இங்கே பிரெஞ்சு அல்லது ஆங்கிலம் மட்டும் பேசுவோம் என்று நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மிக மரியாதையாகவே சொன்னேன். அவர் "ஓகே மிஸ், சாரி" என்றார். மின்தூக்கி வந்தது. எல்லோரும் ஏறினோம். பதினொரு மாடி இறங்கும்வரை நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பாதிப் பருவத்தில் ஒரு தேர்வு வைத்தேன். அதில் ஒரு பகுதி, நான் சொற்களைப் படிப்பேன், கேட்டு எழுத வேண்டும். முப்பது சொற்கள், எல்லாமே அந்த மூன்று ஒலிகளைச் சுற்றித்தான். அவருடைய தாள் வந்தபோது ஓரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழில் சின்னச் சின்னதாக எழுதியிருந்தது. எரிச்சல் வந்தது. தமிழில் குறித்துக்கொள்ளும் வரை இந்த மனிதருக்கு வராது என்று நினைத்தேன். ஓரத்தில் இருந்ததைப் படிக்கவேயில்லை, குறுக்கே சிவப்பில் ஒரு கோடு போட்டேன். இருபதுக்கு மேல் தப்பு.

அவருடைய நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 'உழைக்கிறார், ஆனால் மூக்கொலிகளை வேறுபடுத்திக் கேட்கும் திறன் இல்லை' என்று எழுதினேன். அந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது, முதல் குழுவில் அவர் பெயர் இல்லை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர் ஒருவர் போகிறார். இவர் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அதே நேரத்துக்கு, அதே சீருடையில் வந்தார். ஆனால் கை தூக்குவதை நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனேன். காய்கறி வாங்கிவிட்டு, கால் வலிக்கிறது என்று அம்மா பக்கத்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நான் இழுத்து ஆற்றிய பால் தேநீர், இரண்டு தே தாரேக் சொல்லிவிட்டுத் திரும்பினால் எதிர் மேசையில் அவர். அண்ணன் கடைக்கு வந்திருக்கிறார். எழுந்து நின்று "போன்ஜூர்" என்றார். நானும் போன்ஜூர் என்றேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா? தமிழ் ஆளு மாதிரி இருக்கு, நீ என்னமோ சொல்ற?"

அவரே என் மாணவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அம்மா விடவில்லை. இங்கே வந்து உட்காருங்க தம்பி என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எதற்குப் பிரெஞ்சு என்று எல்லாம் விசாரித்தார். பிரான்சுக்கு எப்போது போகிறீர்கள் என்றும் கேட்டார். அடுத்த குழுவில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், எனக்கு இன்னும் உச்சரிப்பு சரியாக வரவில்லை என்றார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்படி என்ன உச்சரிப்பு என்று அம்மா கேட்டார். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, நான் தப்பாகச் சொன்னால் மிஸ் திருத்தட்டும் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். போன வாரம் வீட்டுக்காரிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாராம். அனுப்பியதைச் சும்மா ஒரு முறை திரும்பக் கேட்டிருக்கிறார். வேலையில் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எது சரி, எது கோளாறு என்று கண்டுபிடிக்கிறவர். அவர் காதுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது.

"'நான் அங்க வந்தேன்'னு சொல்றேன். ஆனா கடைசில 'ன்' இல்லவே இல்ல, மிஸ். நாக்கு எங்கேயும் ஒட்டல. நீங்க சொன்ன மாதிரி மூக்கைப் பிடிச்சுப் பார்த்தேன். அடைச்சுக்குது."

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பேச்சில் சொல்வதுபோலவே சொன்னார். வந்தேன். பிறகு வந்தான். பிறகு வந்தோம். மூன்றிலும் கடைசி ஒலி அடைபட்டது. மூக்கை விட்டுவிட்டுச் சொன்னபோது மூன்றும் தெளிவாக மூக்கில் ஓடின. எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போதுதான் நாம் நாக்கை ஒட்டி 'ன்' போடுகிறோம், உதட்டை மூடி 'ம்' போடுகிறோம். பேச்சில் போடுவதில்லை. 'வந்தே' என்று முடியும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் மூக்கில் விடுகிறோம், அவ்வளவுதான். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன். எனக்குத் தெரியாது.

அம்மா உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு 'வந்தேன், வந்தான், வந்தோம்' என்று சொல்லிப் பார்த்து, ஆமாம்லா என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இத நீ அவருக்குத் தமிழ்லயே சொல்லிக் குடுத்திருக்கலாமே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டிருந்தார், நான் மறுத்திருந்தேன். இது அம்மாவுக்குத் தெரியாது. என் மாணவர் அதைச் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "மிஸ் நல்லாத்தான் சொல்லித்தர்றாங்க, எனக்குத்தான் மெதுவா ஏறுது" என்றார். தே தாரேக் ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் கோப்பிலிருந்து அவருடைய தேர்வுத்தாளை எடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் பென்சில் எழுத்து இன்னும் தெரிந்தது. bain என்று நான் படித்த இடத்திலெல்லாம் அவர் 'பான்' என்று குறித்திருந்தார். banc என்று படித்த இடத்தில் 'போன்'. bon என்று படித்த இடத்தில் 'பூன்'. எல்லா வரியிலும் அப்படியே, இரண்டு மூன்று இடம் தவிர எங்கும் மாறவில்லை.

அந்தத் தாள் சொன்னது இதுதான்: அவர் காது மூன்று ஒலிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறது. பிரெஞ்சின் முதல் ஒலிக்கு வாய் நம் ஏகாரத்தைவிட அகலமாகத் திறக்கும், அதனால் தமிழ்க் காதுக்கு அது ஆகாரம்போல விழும். இரண்டாவது நம் ஆகாரத்தைவிடப் பின்னால், தொண்டைப் பக்கம் இருந்து வரும், உதடும் கொஞ்சம் குவியும், ஆகவே ஓகாரம்போலக் கேட்கும். மூன்றாவதில் உதடு இன்னும் இறுகும், அது ஊகாரத்துக்குப் போய்விடும். ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளி விழுந்திருக்கிறது. அவர் ஒலிகளுக்குப் பெயர் மாற்றி வைத்திருந்தார், அதை வைத்து எழுதியதால் எழுத்துகள் தப்பாயின, அவ்வளவுதான். 'வேறுபடுத்திக் கேட்கும் திறன் இல்லை' என்று எழுதியவள் நான். அந்தத் திறன் அந்த அறையில் யாரிடம் இல்லாமல் இருந்தது என்று எனக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் சுட்டது.

அடுத்த வகுப்புக்கு அவரை அரை மணி முன்னால் வரச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேசினேன். கதவைச் சாத்தியதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வந்தேனில் இருக்கும் அந்தக் கடைசி ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிலேயே தாடையை இறக்கி வாயை ஆகாரம் பக்கம் அகலமாக்குங்கள், நீட்டாதீர்கள் என்றேன். bain வந்துவிட்டது. வந்தானின் கடைசி ஒலியைத் தொண்டைக்குப் பின்னால் தள்ளி உதட்டை லேசாகக் குவிக்கச் சொன்னேன், banc வந்தது. வந்தோமின் கடைசியில் உதட்டை இறுக்கிக் குறுக்கினால் bon. மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். சொன்னபோதெல்லாம் ஆவி படிந்தது.

சொல்லின் நடுவில் வருவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. tante என்றால் அத்தை. அதை அவர் 'தாந்த்' என்பார், நாமெல்லாம் அப்படித்தான் சொல்வோம், தகரத்துக்கு முன்னால் நாக்கு தானாகவே 'ந்' போட்டுக்கொள்ளும். அதை இரண்டாக உடைத்தோம். முதலில் வந்தான் முடிவதுபோல ஒரு 'தா', மூக்கில். நிறுத்தம். பிறகு தனியாக ஒரு 'த்'. இருபது முறை, முப்பது முறை. நிறுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். மூன்றாவது வாரம் 'ந்' காணாமல் போனது. இன்னொன்றை அவரே கண்டுபிடித்தார். 'நல்ல' என்பதற்குப் பெண்பால் bonne, அதில் ஒலி மூக்கில் நிற்காமல் முழு 'ன்' வந்துவிடும். அது ஏன் என்று நான் விளக்க ஆரம்பித்தபோது, "நாம 'நான்'னு சொல்றப்ப 'ன்' மறைஞ்சு போகுது, 'நானும்'னா திரும்ப வந்துடுது. அது மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். பின்னால் ஓர் உயிர் தொடர்ந்தால் மெய் திரும்பிவிடுகிறது. நல்ல நண்பன், bon ami என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லும்போதும் அப்படித்தான்.

இரண்டாவது தேர்வில் முப்பதில் இருபத்தெட்டு எழுதினார். நிறுவனத்துக்கு மறுபடி அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'முந்தைய அறிக்கையில் நான் எழுதியது தவறு, அவருடைய கேட்கும் திறனை நான் சரியாக மதிப்பிடவில்லை' என்று முதலில் எழுதினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளார்' என்று எழுதி அனுப்பினேன். அவர் முன்னேறியதாகவும் நான் முன்னேற்றியதாகவும் அது படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியின் பாடத் தலைவி பிரெஞ்சுக்காரப் பெண்மணி. தமிழ் மாணவர்களுக்கு அவர்கள் பேச்சிலிருந்தே மூக்கொலியை எடுத்துக்கொடுக்கும் என் முறை எவ்வளவு புதுமையானது என்று ஆசிரியர் கூட்டத்தில் பாராட்டினார். எப்படி இது உங்களுக்குத் தோன்றியது என்று கேட்டார். அம்மா பேசுவதைக் கவனித்தேன் என்று சொன்னேன். எல்லோரும் அழகு என்றார்கள். அந்தப் பொய்யை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை, வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது.

அவர் இரண்டாவது குழுவோடு துலூஸ் போனார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. ரயிலில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தோழியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டேன்.

"மிஸ், நல்லா இருக்கீங்களா? இங்க கடையில ரொட்டி வாங்கப் போய், நீங்க சொன்ன மாதிரி கரெக்டா pain-னு கேட்டேன். கடைக்கார அம்மா 'பேங்'ங்கிறாங்க. என் சூப்பர்வைசரும் பேங்தான். இங்க எல்லாருமே கடைசில ஒரு 'ங்' போடுறாங்க, மிஸ். என்னைப் பார்த்து, நீ பாரிஸ்ல படிச்சியான்னு கேக்குறாங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து இறங்கிவிட வேண்டும்போல இருந்தது. தென் பிரான்சில் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிரான்சில் நான் படித்தபோது அறைத்தோழி அந்தப் பக்கத்துப் பெண். அவள் பேச்சு எனக்குத் தொற்றிவிடக் கூடாது என்று பயந்து அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். இவர் துலூசுக்குத்தான் போகிறார் என்று முதல் நாளே தெரிந்தும், உங்கள் 'பேங்' அங்கே யாருக்கும் விநோதமாகப் படாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொன்னால் நான் கற்றுத்தருவதன் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

தோழி வீட்டுக்குப் போகாமல் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குப் பதில் பேசினேன். முதல் தடவை ஆங்கிலத்தில் ஆரம்பித்து அழித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். என் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது. மின்தூக்கி வாசலில் நீங்கள் கேட்டபோது நான் வெட்கப்பட்டு மறுத்தேன், முதல் அறிக்கையை நான் தப்பாக எழுதினேன், உங்களுடைய தாளைச் சரியாகப் பார்க்கவில்லை, இரண்டாவது அறிக்கையிலும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, உங்கள் யோசனையை என் யோசனை என்று பள்ளியில் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணே என்று கூப்பிட்டேன். அதுவரை அவரை எப்போதும் முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

பதில் மறுநாள்தான் வந்தது. அந்த ஒரு நாளில் தொலைபேசியை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"அறிக்கைல நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், மிஸ். ஆபீஸ்ல காட்டினாங்க. அன்னைக்கு ரொம்ப வருத்தமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வீட்லகூட சொல்லல. நீங்க இப்ப சொன்னீங்க, சரி."

அவ்வளவுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்காக அந்தப் பதிவை நான் மூன்று முறை கேட்டேன்.

அந்த வாரம் பாடத் தலைவியிடம் போய் அந்த முறை யாருடையது என்று சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார், பிறகு சரி என்று குறித்துக்கொண்டார். நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. முதல் குழுவில் போனவர் அதற்குள் பயிற்சி முடித்துத் திரும்பிப் பதவி உயர்வும் பெற்றுவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த இடத்துக்கு இவர் பெயரும் பேச்சில் இருந்ததாம்.

இப்போது வகுப்பில் தமிழ் மாணவர் யாராவது இருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே 'வந்தேன், வந்தான், வந்தோம்' என்று சொல்லிக் காட்டுகிறேன். சீன மாணவர்களும் கூடவே சொல்லிப் பார்க்கிறார்கள். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முகம் சூடாகிறது. ஆறிவிடும் என்று நினைத்தேன், இன்னும் ஆறவில்லை.